அம்மாவுக்கு எந்த போன்? கம்பெனி பெயர் கடைசியில்

காலை நடைக்கு வரும் நண்பர்களில் நாலைந்து பேருக்கு இன்னும் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். நாமே எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் அவர்களுக்குத் தொண்ணூறுக்குக் குறையாது. அவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டச் போன் வேண்டாம் என்கிறார்கள். பெரிய பொத்தான் வைத்த போனில் எந்தக் கம்பெனி நல்லது?"

கம்பெனியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் சிம், அடுத்து விரல், அதற்கடுத்து காது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் கடையில் இரண்டு மூன்று போன்தான் மிஞ்சும். அப்போது கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. "பழகினால் வந்துவிடும், எங்கள் வீட்டில் எண்பது வயசுக்காரர் வாட்ஸப் பார்க்கிறார்" என்று சிலர் சொல்வார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் பழக முடியாதவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் என்று நினைப்பது நியாயமில்லை. டச் ஸ்கிரீன் நம் விரல் பட்டதும் அங்கே ஏற்படும் மின்சார மாற்றத்தைக் கண்டுபிடித்து வேலை செய்கிறது. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்து கெட்டியாகிவிடும். ஈரப்பசை குறைந்த விரலைச் சில நேரம் திரை கண்டுகொள்வதே இல்லை. கை நடுக்கம் இருந்தால் ஒரு தொடுதல் இரண்டாகப் பதிவாகிவிடும். கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டால் அதற்கு வேறு அர்த்தம்: படம் இடம் மாறும், இல்லையென்றால் அழிக்கட்டுமா என்று கேட்கும். போன் அடிக்கும்போது பச்சை வட்டத்தைத் தொட்டால் போதாது, பல போன்களில் அதை இழுக்க வேண்டும். என் அம்மாவுக்கு 93 வயது. அவர் பச்சையை அழுத்தி அழுத்திப் பார்ப்பார், அதற்குள் மணி நின்றுவிடும். "என்னடா இது, தொட்டா நகருது, அழுத்தினா ஓடுது" என்பார். அதில் தவறு என்று சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. டச் போன் கையில் இருந்தால் அம்மா யாரிடமாவது பேச வேண்டுமென்றால் பேரனைக் கூப்பிட்டு, "அத்தைக்குப் போட்டுக் கொடு" என்று கேட்க வேண்டும். பேரன் பக்கத்திலேயே நிற்பான். தன் தங்கையிடம் மனம் விட்டுப் பேசவும் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. பொத்தான் போன் கொடுப்பதென்றால் அந்தத் தனிமையைத் திருப்பிக் கொடுப்பது. அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

இனி சிம். கடைக்காரர் எடுத்துக் காட்டும் விலை குறைந்த பொத்தான் போன்களில் பல இன்னமும் 2ஜி போன்கள். ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். மூன்றிலும் 2ஜி இருப்பதால் அந்த சிம்களில் அவை வேலை செய்யும். ஜியோவில் 2ஜி கிடையாது, தொடங்கிய நாளிலிருந்தே 4ஜிதான். ஆகவே அந்த சிம்மை 2ஜி போனில் போட்டால் கோடு ஒன்று கூட வராது. போன் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள். மறுபக்கம், ஜியோபாரத் போன் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அதில் ஜியோ சிம் மட்டுமே எடுக்கும். அம்மாவின் பழைய நம்பர் வேறு கம்பெனியில் இருந்தால் ஒன்று நம்பரை மாற்ற வேண்டும், அல்லது கம்பெனி மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கி, கேஸ், பென்ஷன் எல்லாம் அந்தப் பழைய நம்பரில் கட்டப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நம் புதுச்சேரிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது தாத்தா பாட்டிக்கு அங்கே விற்கும் "க்ரோஸ் தூஷ்" போன் ஒன்றை வாங்கி வருவார்கள். சுவீடன் நாட்டு டோரோ, ஆஸ்திரியா நாட்டு எம்போரியா இரண்டும் அங்கே வயதானவர்களுக்காகவே போன் செய்யும் கம்பெனிகள். பொத்தான்கள் அருமையாக இருக்கும். 2ஜி மாடலாக இருந்தால் இங்கேயும் 2ஜி உள்ள சிம்மில் ஓடும், அலைவரிசை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். 4ஜி மாடல் என்றால்தான் யோசிக்க வேண்டும். 4ஜியில் பேச்சு போக வேண்டுமானால் அந்த போனும் நம் ஊர் சிம் கம்பெனியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் 2ஜி உள்ள சிம்மில் போன் தானாகக் கீழே இறங்கி 2ஜியில் பேசவைக்கும். 4ஜி மட்டும் உள்ள சிம்மில் பேச்சே வராது. சிம் போட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரையின் மேலே VoLTE என்ற எழுத்து வருகிறதா என்று பாருங்கள். எல்லாப் போனும் அதைக் காட்டாது, அதனால் ஒரு அழைப்பு போட்டும் பார்த்துவிடுங்கள். பிள்ளை பாரீசுக்குத் திரும்பிப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. மேற்கொண்டு அங்கே 2ஜியை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். இங்கும் என்றைக்காவது அது வரும். புதிதாகப் பணம் போட்டு வாங்குபவர்கள் 4ஜி பொத்தான் போனாகவே வாங்குவது புத்திசாலித்தனம்.

சிம் முடிந்தது, விரலுக்கு வருவோம். "பெரிய பொத்தான்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பல போன்களில் எண்களைத்தான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பொத்தான்கள் ஒரே ரப்பர் தகடாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பார்க்க வேண்டியது பொத்தான்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும், ஒவ்வொன்றும் கொஞ்சம் மேடாக எழும்பி நிற்கிறதா என்பதும்தான். கடையிலேயே அம்மாவின் விரலை 5-இல் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனி பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் அந்தப் போன் வேண்டாம். அழுத்தும்போது "டக்" என்று உள்ளே போய் வருவது விரலுக்குத் தெரிய வேண்டும். 5 மீது ஒரு சின்னப் புள்ளியோ கோடோ இருக்கும், கண் மங்கியவர்கள் அதைத் தடவித்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அது விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பொத்தான் அளவைவிட அதிகம் தொல்லை கொடுப்பது பூட்டு. நேரான பொத்தான் போன் பையில் அழுந்தித் தானாக யாருக்காவது போகாமலிருக்க, கொஞ்ச நேரத்தில் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு ஒரு பொத்தான், உடனே இன்னொரு பொத்தான் என்று வரிசையாக அழுத்த வேண்டும். அம்மாவுக்கு மூன்று மாதிரி போன்களைக் கொடுத்துப் பார்த்தோம். முதலாவது சாதாரண நேர்போன். எண்கள் தெரிந்தன, பேசினார், ஆனால் பூட்டைத் திறக்கும் அந்த இரண்டு அழுத்தலுக்கு நடுவே நேரம் கடந்துவிடும், மறுபடி பூட்டிக்கொள்ளும். இரண்டாவது முதியவர்களுக்கென்றே வருவது, பின்பக்கம் எஸ்.ஓ.எஸ். பொத்தான். பொத்தான்கள் பெரியவை, அம்மாவுக்குப் பிடித்தது. ஆனால் அவர் போனை இறுகப் பிடிப்பவர். பின்பக்கம் விரல் அழுந்தி ஒரே வாரத்தில் இரண்டு முறை சங்கு ஊதி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். மூன்றாவது மடக்கு போன், நோக்கியா 2660 ஃபிளிப். திறந்தால் பேச்சு, மூடினால் முடிந்தது. அப்படி செட்டிங் வைத்துவிட்டோம். மூடியிருக்கும்போது பொத்தான்கள் உள்ளே இருப்பதால் பூட்டே தேவையில்லை. "இது அந்தக் காலத்து போன் மாதிரி. எடுத்தா பேசலாம், வெச்சா நிக்கும்" என்றார். ரிசீவரை எடுத்து வைத்தே வாழ்நாளைக் கழித்த தலைமுறைக்கு இந்த ஒரு அசைவு மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் மடக்கு போன் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர்களுக்கு அதை விரித்துத் திறப்பதே வலி. அவர்களுக்கு நேர்போன்தான், பூட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளும் ஒரே விசை இருக்கிறதா என்று தேடி வாங்குங்கள்.

அடுத்தது காது. வயதானால் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் சக்தி. போனோடு வரும் மணியோசைகள் பெரும்பாலும் அந்த வகைதான். நமக்குக் காது கிழியும், அம்மாவுக்குக் கேட்காது. தணிந்த, கனமான ஓசையாகத் தேர்ந்தெடுங்கள், அதோடு அதிர்வையும் போட்டு வையுங்கள். காதுக் கருவி வைத்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் செல்போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்திலிருக்கும் ரேடியோ "டிட்டிடிட் டிட்டிடிட்" என்று உறுமும், ஞாபகம் இருக்கிறதா? அது 2ஜி சிக்னல் விட்டு விட்டுப் போவதால் வரும் சத்தம். அதே உறுமல் காதுக் கருவிக்குள்ளும் விழும். 4ஜி போனில் இது வெகுவாகக் குறைந்துவிடும். காதுக் கருவியைப் போட்டுக்கொண்டே கடையில் ஒரு நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பாதி. அம்மா போனில் நான் வைத்ததைச் சொல்கிறேன். ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒருவருக்குப் போகும்படி செய்யலாம், தொடர்புகள் பட்டியலுக்குள் அந்த வசதி இருக்கும். 2-இல் நான், 3-இல் என் மனைவி, 4-இல் சித்தி. அதோடு நிறுத்திக்கொண்டேன். 1 பல போன்களில் வாய்ஸ் மெயிலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். 5-ஐயும் 9-ஐயும் தொடவே கூடாது. காரணம், 2017 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் போனிலும் ஆபத்து உதவிப் பொத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்கு அழைப்பு போகும். பேத்தியின் நம்பரை 5-இல் போட்டுவிட்டு, பாட்டி கூப்பிட்டால் போலீஸ் எடுக்கிறார்கள் என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, # பொத்தான். பல பொத்தான் போன்களில் அதை அழுத்திப் பிடித்தால் போன் ஊமையாகிவிடும். "நாள் பூரா போடுகிறேன், எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்று மகள் அழுதுகொண்டு ஓடி வருவாள், அம்மா நலமாக உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். திரையில் மணிக்குக் குறுக்கே கோடு போட்ட சின்னப் படம் இருந்தால் அதுதான் காரணம். மறுபடி #-ஐ அழுத்திப் பிடித்தால் சரியாகும். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, எஸ்.ஓ.எஸ். பட்டியல். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் போன் பட்டியலில் உள்ள நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், யாராவது எடுத்தால் நின்றுவிடும். அதில் பாரீஸ் பிள்ளையின் நம்பரைப் போடாதீர்கள். அவன் வேலையில் இருந்தால் ரெப்போந்தேர் எடுத்துக்கொள்ளும். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று போன் நினைத்து அதற்கு மேல் யாரையும் கூப்பிடாது. நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள்தான் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை எல்லோரிடமும் சொல்லிவிட்டு அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

சார்ஜ் விஷயமும் சின்னதல்ல. சிறிய துளைக்குள் சரியான பக்கம் பார்த்து ஒயரைச் செருகுவது மங்கிய கண்ணுக்கும் நடுங்கும் கைக்கும் பெரிய சோதனை. தப்பாகச் செருகிச் செருகித் துளை தளர்ந்துவிடும், ராத்திரி முழுக்க போட்டும் காலையில் போன் செத்துக் கிடக்கும். போனை அப்படியே உட்கார வைக்கும் தாங்கி உள்ள மாடல் கிடைத்தால் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். கட்டில் பக்கத்தில் அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும், இருட்டிலும் கை போகும்.

ரீசார்ஜை அம்மா தலையில் கட்டாதீர்கள். முன்பு போல வருகிற அழைப்பு வாழ்நாள் முழுக்க இலவசம் என்ற காலம் போய்விட்டது, காலக்கெடு முடிந்தால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. பொத்தான் போனுக்கு அதுவே போதும். கடையில் கேட்காவிட்டால் எடுத்துக் காட்டமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். எஸ்.எம்.எஸ். அதில் இருக்க வேண்டும், ஆபத்துச் செய்தி அதில்தான் போகும்.

இப்போது கம்பெனி. என் கணக்கில் நம் கடைகளில் மூன்று வகை இருக்கிறது. கண்ணும் கையும் ஓரளவு நன்றாக இருந்து, டச் மட்டும் பிடிக்காதவர்களுக்கு நோக்கியாவின் சாதாரண 4ஜி பொத்தான் போன் போதும். விலை குறைவு, எந்தத் தெருவிலும் பேட்டரி கிடைக்கும். பூட்டிலும் பொத்தானை அழுத்துவதிலும் தடுமாறுகிறவர்களுக்கு மடக்கு போன். நினைவு குறைந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், விழுந்துவிடுவார்களோ என்ற பயம் உள்ளவர்களுக்கு ஈஸிஃபோன் போல முதியவர்களுக்கென்றே செய்த இந்தியக் கம்பெனிப் போன். அதில் எஸ்.ஓ.எஸ்., சார்ஜ் தாங்கி, சில மாடல்களில் தூரத்திலிருந்தே பிள்ளைகள் நம்பர் சேர்க்கும் வசதி, தெரிந்த நம்பர் மட்டும் வரும்படி தடுக்கும் வசதி எல்லாம் உண்டு. பழைய மாடல்கள் 2ஜி, ஆகவே 4ஜிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்தத் தடுக்கும் வசதியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். ஞாபகம் தப்பியவர்களுக்குச் சரி. தெளிவாக இருக்கும் அம்மாவுக்குப் போட்டால், பழைய சிநேகிதி புது நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் வராது, வராதது அம்மாவுக்குத் தெரியவும் தெரியாது. அவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பொத்தான் போனில் பேரன் முகம் தெரியாது, அது உண்மையான குறை. ஞாயிற்றுக்கிழமை நம் போனில் காட்டினால் போதும். அதற்காக ஆறு நாளும் அவர்கள் கையில் பிடிக்காத ஒன்றைத் திணிக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது அம்மாவின் சிம்மையும் முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் மூன்று வேலை சொல்லுங்கள்: வரும் அழைப்பை எடுக்க வேண்டும், பேசி முடித்து வைக்க வேண்டும், உங்கள் நம்பருக்கு ஒரு முறை போட வேண்டும். மூன்றையும் யார் உதவியும் இல்லாமல் செய்துவிட்டால், பின்னால் எழுதியிருக்கும் கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் அந்தப் போனுக்குப் பில் போடச் சொல்லுங்கள்.